மூன்று நாள் குறைந்தது, மாதமே குறைந்தது: வங்கி சராசரி இருப்பைக் கணக்கிடும் விதம்

டிசம்பர் முதல் வாரத்தில் ஒருநாள், அஸர் தொழுகைக்குப் பிறகு நம் அறக்கட்டளை அலுவலகத்திற்கு ஒரு சகோதரி வந்தார். வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுத்துக் குடும்பத்தை நடத்துபவர். கையில் பாஸ்புக்கும் கைப்பேசியும். வங்கியிலிருந்து வந்த ஓர் எஸ்எம்எஸ்ஸைக் காட்டினார். நவம்பர் மாதத்தில் அவருடைய கணக்கின் சராசரி இருப்பு 4,700 ரூபாய்தான், இருக்க வேண்டியது 5,000 ரூபாய், ஒரு மாதத்திற்குள் சரிசெய்யாவிட்டால் கட்டணம் பிடிக்கப்படும் என்று அதில் இருந்தது.

"மாசம் பூரா அஞ்சாயிரத்து எரநூறு கெடந்துச்சு பாய். மூணு நாள்தான் எடுத்தேன். அதையும் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டுட்டேன். இப்பவும் பாருங்க, அதே பணம் இருக்கு. அப்புறம் எப்படிக் குறையும்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இதே கேள்வியோடு வேறு சிலரும் நம்மிடம் வந்திருக்கிறார்கள். ஆகவே அந்தச் சகோதரியின் பாஸ்புக்கை வைத்து நாங்கள் போட்ட கணக்கை இங்கே அப்படியே தருகிறோம். காகிதமும் பேனாவும் இருந்தால் உங்கள் கணக்கிற்கும் இதைப் போட்டுப் பார்க்கலாம்.

வங்கி எதை எண்ணுகிறது?

'மினிமம் பேலன்ஸ் ஐயாயிரம்' என்று சொன்னால், எந்த நேரமும் ஐயாயிரம் கிடக்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். மாதக் கடைசியில் ஐயாயிரம் இருந்தால் போதும் என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். சராசரி முறையைப் பின்பற்றும் வங்கிகளில் இரண்டுமே சரியல்ல.

ஒவ்வொரு நாளும் கணக்கு முடியும்போது எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை வங்கி குறித்துக்கொள்கிறது. இதை நாள் முடிவு இருப்பு என்று சொல்லலாம். மாதத்தின் எல்லா நாள்களுக்கும் உரிய இந்தத் தொகைகளைக் கூட்டி, அந்த மாதத்தில் எத்தனை நாளோ அத்தனையால் வகுக்கிறது. வருகிற விடைதான் மாதச் சராசரி இருப்பு. எஸ்எம்எஸ்ஸிலும் பாஸ்புக்கிலும் இது MAB என்றோ AMB என்றோ வரும்.

விடுமுறை நாளும் ஒரு நாள்தான். வங்கி பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஓர் இருப்பு உண்டு. அந்த இருப்பும் கூட்டலில் சேரும்.

இதை வேறு விதமாகவும் பார்க்கலாம். 30 நாள் உள்ள மாதத்தில் தினமும் 5,000 என்றால் கூட்டுத்தொகை 1,50,000. வங்கி உங்களிடம் கேட்பது இந்த 1,50,000 என்ற கூட்டுத்தொகையைத்தான். அதை முப்பது நாளும் சமமாகப் பிரித்தும் கொடுக்கலாம், சில நாள் அதிகமாகவும் சில நாள் குறைவாகவும் கொடுக்கலாம். மொத்தம் சேர்ந்தால் போதும்.

சகோதரியின் நவம்பர் மாதம்

அவருடைய கணக்கில் 5,200 ரூபாய் இருந்தது. ஐயாயிரம் கட்டாயம், 200 ரூபாய் பாதுகாப்புக்கு என்று வைத்திருந்தார். நவம்பர் 7ஆம் தேதி, வெள்ளிக்கிழமை மாலை, மகனுக்குக் காய்ச்சல் அதிகமாகி மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஏடிஎம்மில் 5,000 ரூபாய் எடுத்தார். மறுநாளே அண்ணனிடம் கடன் வாங்கிப் பணம் தயார் செய்துவிட்டார். ஆனால் அது இரண்டாவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. அடுத்த நாள் ஞாயிறு. திங்கட்கிழமை, 10ஆம் தேதிதான் கட்ட முடிந்தது.

வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாள்களின் முடிவிலும் கணக்கில் இருந்தது 200 ரூபாய்.

இப்போது கூட்டுவோம். 1 முதல் 6 வரை ஆறு நாள், 10 முதல் 30 வரை இருபத்தொரு நாள், ஆக 27 நாள்கள் 5,200 ரூபாய் இருந்தது. 27 × 5,200 = 1,40,400. மீதி மூன்று நாள்கள் 200 ரூபாய். 3 × 200 = 600. மொத்தம் 1,41,000. முப்பதால் வகுத்தால் 4,700.

வங்கி சொன்னது சரிதான். வேண்டியது 1,50,000, சேர்ந்தது 1,41,000. குறைவு 9,000.

பணத்தைத் திரும்பப் போட்ட பிறகும் ஏன் குறைந்தது? திரும்பப் போட்டது 10ஆம் தேதிக்குப் பிந்திய நாள்களைத்தான் பழைய நிலைக்குக் கொண்டுவந்தது. 7, 8, 9 தேதிகள் 200 ரூபாயோடு முடிந்துவிட்டன. கடந்துபோன நாளின் இருப்பை யாராலும் திருத்த முடியாது. அந்த மூன்று நாள்களும் ஒவ்வொன்றும் 4,800 ரூபாய் கடனை விட்டுச் சென்றன, மொத்தம் 14,400. மற்ற 27 நாள்களில் இருந்த கூடுதல் 200 ரூபாய், 27 × 200 = 5,400 ஈடுகட்டியது. மீதி 9,000 கடன் நின்றுவிட்டது.

ஒரே ஒரு நாள் குறைந்திருந்தால்?

சகோதரி ஒரு நாள் மட்டும் 200 ரூபாயில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் பார்த்தோம். 29 நாள் 5,200 என்றால் 1,50,800. அதோடு ஒரு 200. மொத்தம் 1,51,000. சராசரி 5,033. தப்பித்திருப்பார்.

ஆனால் அந்த 200 ரூபாய் பாதுகாப்பு இல்லாமல், சரியாக 5,000 மட்டும் வைத்திருந்தவருக்கு இதே ஒரு நாள் வேறு விடை தரும். 29 நாள் 5,000 என்றால் 1,45,000. குறைந்த நாளில் 200 ரூபாய். மொத்தம் 1,45,200. சராசரி 4,840. ஒரே நாளில் மாதமே குறைந்துவிட்டது.

ஒரு நாள் குறைவு ஏன் முக்கியம் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. எல்லை அளவுக்கு மட்டும் பணம் வைப்பவரிடம், ஒரு நாளின் பள்ளத்தை நிரப்ப வேறு எந்த நாளிலும் மிச்சம் இல்லை. அவருக்கு ஒரு நாளும் அதிகம்தான். பெரிய தொகை எடுக்க வேண்டும் என்பதில்லை. ஏடிஎம் அட்டைக்கான ஆண்டுக் கட்டணத்தை வங்கி தானாகப் பிடித்தாலே போதும். அது ஒரு நாளோடு முடிவதும் இல்லை; கவனித்து நிரப்பும் வரை எல்லா நாளும் குறைந்துகொண்டே இருக்கும்.

கணக்கில் சேரும் வட்டியைத் தனியே கணக்கிட்டு எடுத்துவிடும் வழக்கம் நம்மில் பல குடும்பங்களுக்கு உண்டு. எடுக்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: ஐயாயிரத்துக்கு மேல் நிற்கும் அந்தச் சில நூறு ரூபாய், உண்மையில் நீங்கள் போட்ட பணமா, வட்டியாக வந்ததா? வட்டிதான் என்றால், அதை எடுத்த நாளிலிருந்து உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை. அதே அளவு சொந்தப் பணத்தைப் போட்டுவிட்டு எடுப்பது நல்லது.

ஈடுகட்ட முடியுமா? முடியும், சீக்கிரம் என்றால்

நாள் கடந்துவிட்டாலும் மாதம் முடியாதவரை வழி இருக்கிறது. சகோதரிக்கு 9,000 குறைவு என்று பார்த்தோம். 10ஆம் தேதியே அதை உணர்ந்திருந்தால், மீதி 21 நாளும் கூடுதலாக ஏறத்தாழ 430 ரூபாய் வைத்திருந்தால் போதும். 21ஆம் தேதி உணர்ந்திருந்தால் மீதி பத்து நாளும் 900 ரூபாய் கூடுதலாகத் தேவை. கடைசி நாளில் உணர்ந்திருந்தால் அந்த ஒரு நாளுக்கு 9,000 ரூபாய் கூடுதலாக இருந்திருக்க வேண்டும். தேவைப்படும் மொத்தம் ஒன்றுதான். அதைப் பங்குபோட நாள்கள் குறையக் குறைய, கையில் வேண்டிய பணம் கூடுகிறது.

இதே கணக்கு நமக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். வளைகுடா நாட்டிலிருந்து கணவரோ மகனோ பணம் அனுப்பும் வீடுகளில் இதைப் பார்க்கலாம். 25,000 ரூபாய் காலையில் வருகிறது. அன்று மாலைக்குள் முழுவதையும் எடுத்துவிட்டால், சராசரியைப் பொறுத்தவரை அந்தப் பணம் வரவே இல்லை. நாள் முடிவில் அது அங்கே இல்லையே. அதையே அவசரம் இல்லாதபோது மறுநாள் காலை எடுத்தால், ஒரு நாளுக்கு 25,000 கூட்டுத்தொகையில் சேரும். அது ஐந்து நாள்களுக்குரிய 5,000. ஓர் இரவு பொறுத்ததற்கு ஐந்து நாள் கிடைக்கிறது.

இன்னும் வியப்பான ஒன்று. ஒருவர் கணக்கில் பத்து நாள் 15,000 ரூபாய் இருந்து, மீதி இருபது நாளும் ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். 10 × 15,000 = 1,50,000. சராசரி 5,000. அவருக்குக் கட்டணம் இல்லை. இருபது நாள் காலியாக வைத்தவர் தப்பிக்கிறார், மூன்று நாள் குறைத்தவர் மாட்டுகிறார். கணக்கு தெரிந்தால் இதில் புதிர் இல்லை.

இந்தக் கட்டுரையில் உள்ளது மாதச் சராசரி முறை. சில வங்கிகள் மூன்று மாதச் சராசரி எடுக்கின்றன. அங்கே கணக்கு இதேதான், நாள்கள் மட்டும் தொண்ணூறை ஒட்டி வரும். உங்கள் கணக்கு எந்த வகை, எல்லை எவ்வளவு என்பதைக் கிளையில் கேட்டுப் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒரே வங்கியிலும் நகரக் கிளைக்கு ஓர் அளவு, கிராமக் கிளைக்கு ஓர் அளவு இருக்கும்.

கட்டணம் எவ்வளவு, எப்போது?

ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் இதற்கு விதிகள் வகுத்து, 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. இருப்பு குறைந்தால் வங்கி முதலில் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் தெரிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பிலிருந்து குறைந்தது ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும். அதற்குள் சரிசெய்யாவிட்டால்தான் கட்டணம். அந்தக் கட்டணமும் எவ்வளவு குறைந்ததோ அதற்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். இந்தக் கட்டணம் ஒன்றினால் மட்டும் சேமிப்புக் கணக்கு மைனஸில் போகக் கூடாது.

சகோதரியின் வங்கியில் குறைவுத் தொகையில் 6 சதவீதம் கட்டணம். குறைவு 300 என்பதால் 18 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 21 ரூபாய் 24 காசு. அதுவும் டிசம்பர் மாதச் சராசரி மறுபடி குறைந்தால்தான். டிசம்பரில் 31 நாள், வேண்டியது 1,55,000. 5,200 ரூபாயைத் தொடாமல் வைத்தால் 1,61,200 வரும் என்று போட்டுக் காட்டினோம். அவசரத்திற்கு ஓர் இரவு 5,000 எடுத்தாலும் தாங்கும், இரண்டு இரவு தாங்காது என்றும் சொன்னோம். டிசம்பர் சரியாக முடிந்தது. கட்டணம் பிடிக்கவில்லை.

21 ரூபாய்க்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றலாம். எஸ்எம்எஸ்ஸைப் பார்க்காமல் விட்ட இன்னொரு வீட்டின் கதையையும் சொன்னால்தான் இது முழுமையாகும்.

உதவித்தொகையில் விழுந்த துண்டு

நம் அறக்கட்டளை ஒரு மாணவிக்குக் கல்லூரிக் கட்டணத்திற்காக 6,000 ரூபாய் அனுப்பியது. அவருடைய கணக்கும் சராசரி 5,000 கேட்கும் கணக்குதான். முந்தைய ஆண்டு சேர்க்கைக்காக முழுப் பணத்தையும் எடுத்தவர்கள், பிறகு அந்தக் கணக்கைத் திரும்பிப் பார்க்கவில்லை. வங்கியில் கொடுத்திருந்த கைப்பேசி எண் மாறிவிட்டது. எச்சரிக்கைகள் எல்லாம் பழைய எண்ணுக்குப் போயின.

கணக்கு காலி என்றால் குறைவு முழுதாக 5,000. அதில் 6 சதவீதம் 300 ரூபாய், ஜிஎஸ்டி 54, மாதத்திற்கு 354 ரூபாய். கணக்கில் பணம் இல்லாததால் அப்போது பிடிக்க முடியவில்லை. ஆனால் நான்கு மாதக் கட்டணம் நிலுவையாகக் குறிக்கப்பட்டிருந்தது. நாங்கள் அனுப்பிய பணம் சேர்ந்ததும் 1,416 ரூபாய் கழிந்தது. மாணவியின் கையில் கிடைத்தது 4,584.

கல்லூரிக் கட்டணத்தில் துண்டு விழுந்தது. அந்தத் தொகையை அவருடைய தாயார் கைமாற்று வாங்கித்தான் கட்டினார். நன்கொடையாளர் ஒருவர் ஏழை மாணவியின் படிப்புக்கு என்று கொடுத்த பணத்தில் ஒரு பகுதி இப்படிப் போனது எங்களுக்கும் பாடம். ஒவ்வொரு மாதத்திற்கும் எந்தத் தேதியில் அறிவிப்பு அனுப்பப்பட்டது, எந்த விதிப்படி நிலுவை பிடிக்கப்பட்டது என்று கேட்டுக் கிளைக்கு எழுத்து மூலம் மனுக் கொடுக்கச் செய்தோம்.

இப்படிப்பட்ட புகாருக்கு 30 நாளுக்குள் வங்கி பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். cms.rbi.org.in என்ற தளத்தில் பதிவு செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் உண்டு. மனுவின் நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கி வைப்பது அவசியம். அந்தத் தேதியிலிருந்துதான் 30 நாள் எண்ணப்படும்.

இரண்டு ஆண்டுக்கு மேல் வாடிக்கையாளர் எந்த வரவு செலவும் செய்யாமல் செயலற்றதாக வகைப்படுத்தப்பட்ட கணக்கில், 2024 ஏப்ரல் 1 முதல் இந்தக் கட்டணம் பிடிக்கக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் உத்தரவு. ஆனால் அதை நம்பிக் கணக்கைக் காலியாக விட வேண்டாம். அந்த நிலைக்கு வரும் வரையுள்ள மாதங்களில் கட்டணம் ஏறும்.

எந்தக் கணக்கு நமக்கு ஏற்றது?

மாதம் முழுக்க ஐயாயிரத்தை முடக்கி வைக்க முடியாத குடும்பம், சராசரி இருப்பு கேட்கும் கணக்கை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. வேறு வகைக் கணக்கு இருக்கிறது.

மக்கள் ஜீரோ பேலன்ஸ் கணக்கு என்று சொல்லும் அடிப்படைச் சேமிப்புக் கணக்கை எல்லா வங்கிகளும் தர வேண்டும். தனியார் வங்கிகளும் இதில் அடங்கும். ஜன்தன் கணக்கும் இந்த வகைதான். இதில் குறைந்தபட்ச இருப்பு என்ற பேச்சே இல்லை. பணம் போடுவதற்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. எடுப்பது மாதத்திற்குக் குறைந்தது நான்கு முறை இலவசம், ஏடிஎம்மில் எடுப்பதும் அதில் சேரும். அதற்கு மேல் எடுப்பதற்கான விதியை அந்தந்த வங்கியில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு நிபந்தனை: இந்தக் கணக்கு வைத்திருப்பவர் அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது. ஏற்கெனவே உள்ள கணக்கையே இந்த வகைக்கு மாற்றித் தரும்படி எழுதிக் கொடுக்கலாம்.

பொதுத்துறை வங்கிகள் சிலவற்றில் சாதாரண சேமிப்புக் கணக்குக்கும் இந்தக் கட்டணம் நீக்கப்பட்டிருக்கிறது. ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் நீக்கியது. கனரா வங்கி 2025 ஜூன் 1 முதலும், இந்தியன் வங்கி 2025 ஜூலை 7 முதலும் நீக்கின. இவற்றில் கணக்கு உள்ளவர்கள், தங்கள் கணக்கு சாதாரண வகைதானா என்று மட்டும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

சராசரி கேட்கும் கணக்கை மூட நினைப்பவர்கள், பணத்தை எடுத்துவிட்டுச் சும்மா விட்டால் கணக்கு மூடப்பட்டதாக ஆகாது. கிளைக்குப் போய் மூடும் விண்ணப்பம் கொடுத்து, பாஸ்புக்கிலும் 'மூடப்பட்டது' என்று பதிவு பெற வேண்டும். கைப்பேசி எண் மாறினால் அந்த வாரமே வங்கியில் மாற்றுங்கள். அந்தச் சகோதரிக்கும் இந்த மாணவிக்கும் இருந்த வேறுபாடு அந்த ஒரு எஸ்எம்எஸ்தான்.

வரும் கல்வியாண்டு முதல் நம் உதவித்தொகை விண்ணப்பத்தில் இரண்டு புதிய கேள்விகள் இருக்கும்: நீங்கள் தரும் கணக்கு குறைந்தபட்ச இருப்பு கேட்கும் கணக்கா? அதில் கட்டண நிலுவை ஏதும் உண்டா? விண்ணப்பிக்கும் முன் கிளையில் கேட்டு எழுதுங்கள். நிலுவை இருந்தால் பணம் அனுப்பும் முன்பே எங்களிடம் சொல்லுங்கள். அடிப்படைக் கணக்கு தொடங்கவோ, மாற்ற விண்ணப்பம் எழுதவோ உதவி வேண்டுமென்றால், பாஸ்புக்கோடு அலுவலகத்திற்கு வாருங்கள். சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.